பதினோரு அணாவுக்கு 68 நயா பைசா

கேள்வி: ஒரு சிறுகதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கிராமக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் ஓய்வு பெறப்போகும் எழுத்தர், 1997-இல் பழைய பேரேட்டு அட்டவணை ஒன்றில் ஒளிந்திருந்த பிழையைக் கண்டுபிடிக்கிறார். 40 வருடமாக யார் கண்ணிலும் படாத பிழை. மொத்தத்தில் 90 ரூபாய் குறைகிறது என்று எழுதியிருந்தேன். வங்கியில் வேலை பார்த்த என் சித்தி படித்துவிட்டு, "90 ரூபாய் இடித்தால் அந்த மாசமே பிடித்திருப்பார்களே, 40 வருஷம் எப்படித் தூங்கும்?" என்று கேட்டுவிட்டார். உண்மையில் அத்தனை காலம் ஒளிந்திருக்கக்கூடிய பிழை உண்டா? இருந்தால் அதை ஒரு எழுத்தர் எப்படிக் கண்டுபிடிப்பார்? கண்டுபிடித்த பிறகு என்ன செய்வார்?

— ஒரு வாசகி

பதில்: உங்கள் சித்தி சொன்னது முழுக்கச் சரி. கூட்டுறவுச் சங்கங்களில் தணிக்கை பார்த்தே என் வேலைக்காலம் முழுவதும் போனது. 90 ரூபாய் வித்தியாசம் என்று படித்ததும் என் கை தானாக ஒன்பதால் வகுத்துப் பார்த்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்கலாம் என்பது கணக்குப் பிள்ளைகள் முதலில் சந்தேகப்படும் விஷயம். 341 என்பதை 431 என்று எழுதியிருந்தால் சரியாக 90 வரும். அதைத் தேடிப் பிடிக்க அரை நாள் போதும். உங்கள் எழுத்தருக்கு 40 வருடம் தேவைப்படாது.

சங்கத்துக் கணக்கில் ஒரு பிழை உயிரோடு இருக்க வேண்டுமானால் இரண்டு காவலைத் தாண்டியாக வேண்டும். முதல் காவல் இருப்பாய்வு. உறுப்பினர் பேரேட்டில் ஒவ்வொருவர் பெயரிலும் இருக்கும் சேமிப்பைக் கூட்டினால், பொதுப் பேரேட்டில் சேமிப்புக் கணக்கு என்று ஒரே வரியில் இருக்கும் மொத்தம் வர வேண்டும். உங்கள் 90 ரூபாய் இங்கேயே மாட்டிக்கொள்ளும்.

சரி, கூட்டல் கெடாத பிழையாக இருக்கட்டும் என்று நினைக்கலாம். கந்தசாமி கணக்கில் வைக்க வேண்டிய வரவைக் கந்தையா கணக்கில் வைத்துவிட்டால் மொத்தம் மாறாது, இருப்பாய்வுக்கும் தெரியாது. ஆனால் இரண்டாவது காவல் அங்கே நிற்கிறது. அதுதான் உறுப்பினர் கையில் இருக்கும் பாஸ்புக். பணம் கட்டிய கந்தசாமி அடுத்த முறை வரும்போது, "என் அஞ்சு ரூபாய் எங்கே?" என்று கேட்டே தீருவார்.

அப்படியானால் உங்களுக்கு வேண்டியது, மொத்தத்தையும் கெடுக்காமல் பாஸ்புக்கோடும் முரண்படாமல் இருக்கும் பிழை. பேரேடும் பாஸ்புக்கும் ஒரே தவறான இடத்தைப் பார்த்து எழுதப்பட்டிருந்தால்தான் அது நடக்கும். அந்த இடம் ஒரு அட்டவணை. உங்கள் கதையில் அட்டவணை ஏற்கெனவே இருக்கிறது, அதை விட்டுவிடாதீர்கள். வருடத்தை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். 1997-க்கு 40 வருடம் முன்னால் 1957. அந்த வருடம் ஏப்ரல் 1-ஆம் தேதி இந்தியாவில் அணா போய் நயா பைசா வந்தது. இப்படி ஒரு பிழைக்கு அதைவிடப் பொருத்தமான நாள் என் அனுபவத்தில் கிடையாது.

அணாவைப் பார்த்திராதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒரு ரூபாய்க்கு 16 அணா, ஒரு அணாவுக்கு 12 பை. பேரேட்டில் ரூ., அ., பை. என்று மூன்று கோட்டுப் பத்திகள் இருக்கும். அதே ரூபாய்தான் 1957 முதல் 100 நயா பைசா ஆனது. பழைய கணக்கிலும் பைசா என்று ஒன்று உண்டு. அது ரூபாயில் 64-இல் ஒரு பங்கு, அதாவது காலணா. அதோடு குழம்பக் கூடாது என்றுதான் புதியதற்கு 'நயா' என்ற அடைமொழி. 1964 ஜூன் வரை அது ஒட்டிக்கொண்டிருந்தது. உங்கள் கதையில் 1957-இல் எழுதப்பட்ட எந்த வரியிலும் வெறும் 'பைசா' வரக் கூடாது, 'ந.பை.' என்றே வர வேண்டும்.

ஒரு அணாவுக்கு ஆறே கால் நயா பைசா. அந்தக் காலில்தான் தொல்லை எல்லாம். கால் நயா பைசா என்று ஒரு காசு இல்லை, பேரேட்டில் அதை எழுதவும் முடியாது. அதனால் ஒரு விதி வைத்தார்கள். மீதி அரையோ அதற்குக் குறைவோ என்றால் விட்டுவிடு, அரைக்கு மேல் என்றால் ஒன்றாக்கிக்கொள். இரண்டு அணாவுக்குப் பன்னிரண்டரை வரும், 12 என்று எழுத வேண்டும். மூன்று அணாவுக்குப் பதினெட்டே முக்கால் வரும், 19 என்று எழுத வேண்டும். இப்படி ஒன்று முதல் பதினாறு அணா வரைக்கும் ஒரு மாற்று அட்டவணை. சங்கத்து எழுத்தர் அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு உறுப்பினர் இருப்பையும் மாற்றி எழுதியிருப்பார். சரியான அட்டவணையை நான்கு நான்கு அணாவாக எழுதிக் காட்டுகிறேன். இப்படி எழுதுவதற்குக் காரணம் பிறகு வரும்.

1 முதல் 4 அணா: 6, 12, 19, 25
5 முதல் 8 அணா: 31, 37, 44, 50
9 முதல் 12 அணா: 56, 62, 69, 75
13 முதல் 16 அணா: 81, 87, 94, 100

இப்போது உங்கள் சங்கத்துக்கு வருவோம். அச்சடித்த தாள் ஒன்றுதான் இருக்கிறது, அது செயலாளர் மேஜையில் கிடக்கிறது. 1957-இன் எழுத்தர் தன் வசதிக்காகப் பேரேட்டு அட்டையின் உள்பக்கம் ஒரு அட்டவணையைக் கையால் எழுதி ஒட்டிக்கொள்கிறார். அச்சுத் தாளைப் பார்த்து எழுதாமல் மனசாலேயே ஆறு ஆறாகக் கூட்டிக்கொண்டு, தேவையான இடத்தில் ஏழு கூட்டிக்கொண்டு எழுதுகிறார். பத்து அணாவுக்கு 62. அடுத்து ஏழு கூட்ட வேண்டிய இடத்தில் ஆறு கூட்டிவிடுகிறார், 68. பன்னிரண்டு அணா என்றால் முக்கால் ரூபாய், 75 என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் அடுத்த வரி தானாகச் சரியாகிவிடுகிறது. பதினோரு அணா மட்டும் 68 என்று நின்றுவிடுகிறது. 69 என்று இருக்க வேண்டியது.

அவர் எழுதியது மேலிருந்து கீழாக ஒரே பத்தி. 56, 62, 68, 75, 81 என்று ஓடும். இந்த அட்டவணையில் அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஆறும் வரும், ஏழும் வரும். 62-க்கும் 68-க்கும் நடுவில் ஆறு, 68-க்கும் 75-க்கும் நடுவில் ஏழு. பார்க்கிற கண்ணுக்கு எதுவுமே உறுத்தாது. 11-க்கு எதிரே 86 என்று எழுதியிருந்தால் எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள். 68 பக்கத்து எண்களோடு பாந்தமாக உட்கார்ந்துவிடுகிறது.

உங்கள் கதைக்கு ஒரு கணக்கு போட்டுத் தருகிறேன். சங்கத்தில் 320 சேமிப்பு உறுப்பினர்கள். பை கணக்கு வேண்டாம், அதைச் சேர்த்தால் அட்டவணை நீண்டு வாசகர் களைத்துப்போவார். இருப்புகளை முழு அணாவில் வைத்திருக்கும் சங்கம் என்று ஒரு வரியில் சொல்லிவிடுங்கள். கணக்கு எளிதாக இருக்க, ரூபாய்க்கு மேல் ஒன்றுமில்லாதவர் 20 பேர், ஓரணா உள்ளவர் 20 பேர், இரண்டணா உள்ளவர் 20 பேர் என்று பதினைந்து அணா வரை சரிசமமாக வைத்துக்கொள்வோம். நிஜத்தில் இப்படி விழாது. கதையில் நீங்கள் எண்களைக் கொஞ்சம் கலைத்துக்கொள்ளலாம், கலைத்தால் மறுபடி ஒருமுறை கூட்டிப் பார்த்துவிடுங்கள்.

பொதுப் பேரேட்டில் சேமிப்பின் மொத்தம் ரூ. 18,640 என்று வைப்போம். இதில் அணாக்களின் பங்கு மட்டும் 2,400 அணா, அதாவது சரியாக 150 ரூபாய். சரியான அட்டவணையைப் பார்த்து ஒவ்வொருவர் இருப்பையும் மாற்றினால் அந்தப் பங்கு ரூ. 149.60 ஆகும். 40 நயா பைசா குறையும். அது பிழை அல்ல. அரையையும் காலையும் விட்டுவிடு என்று விதியே சொல்கிறது, விட்டதெல்லாம் சேர்ந்தால் அவ்வளவு வரும். எந்தச் சங்கத்திலும் தனித்தனியாக மாற்றிக் கூட்டினதும் மொத்தத்தை ஒரேயடியாக மாற்றினதும் பொதுவாக ஒத்துப்போகாது. அதற்காக 'நாணய மாற்று வித்தியாசம்' என்று ஒரு பதிவு போட்டு, பொதுப் பேரேட்டு மொத்தத்தை அந்த அளவுக்குக் குறைத்து, குறைத்ததை இதர வருமானத்தில் வைத்து இரண்டையும் சமன் செய்தால் கணக்கு முடிந்தது.

உங்கள் சங்கத்தில் பதினோரு அணா உள்ள 20 பேருக்கும் ஒரு நயா பைசா கூடுதலாகக் குறைந்திருக்கிறது. அதனால் வித்தியாசம் 40 இல்லை, 60. தனிக் கணக்குகளின் மொத்தம் ரூ. 18,639.60 வர வேண்டிய இடத்தில் ரூ. 18,639.40 வந்திருக்கிறது. அந்த 60-ஐயும் அப்படியே மாற்று வித்தியாசம் என்று எழுதிவிட்டார்கள். இருப்பாய்வு அழகாகச் சேர்ந்துவிட்டது. பாஸ்புக்கிலும் அதே அட்டவணையைப் பார்த்து அதே 68-ஐ எழுதியாகிவிட்டது. இரண்டு காவலும் தாண்டியாயிற்று.

தணிக்கைக்கு வந்தவர் என்ன செய்தார் என்று வாசகர் கேட்பார். ஒரு கணக்குக்கு அதிகபட்சம் அரை நயா பைசா விடுபடலாம், 320 கணக்குக்கு 160 வரை போகலாம், வந்திருப்பது 60 தானே என்று அவர் பார்த்திருப்பார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் பச்சை மையில் ஒரு டிக் போட்டுவிட்டுப் போயிருப்பேன். அவரைச் சோம்பேறியாகவோ விலைபோனவராகவோ காட்டிவிடாதீர்கள். கணக்குப் புத்தகமே வித்தியாசத்துக்கு என்று ஒரு இடம் ஒதுக்கிக் கொடுத்திருந்தது. பிழை நேராகப் போய் அந்த இடத்தில் படுத்துக்கொண்டது.

இப்போது கண்டுபிடிக்கும் இடம். உங்கள் எழுத்தருக்கு 1997-இல் 58 வயது என்றால், அணா போனபோது அவருக்குப் பதினெட்டு. இது உங்களுக்குப் பெரிய வசதி. அவர் பள்ளிக்கூடத்தில் மாகாணி வாய்ப்பாடு ஒப்பித்தவர். மாகாணி என்றால் பதினாறில் ஒன்று, ரூபாய்க்கு அணா என்பதும் அதே கணக்கு. பக்கத்து மேஜையில் இருக்கும் இளைஞருக்கு 'ரூ. 42-11-0' வெறும் எண் வரிசை. இவருக்கு அது நாற்பத்திரண்டே முக்கால் ரூபாய்க்கு ஓரணா குறைவு. இந்த ஒரு வேற்றுமையே கதையை நகர்த்திவிடும்.

தொடக்கத்துக்கு ஒரு சாக்கு வேண்டும். இறந்துபோன தாத்தாவின் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு ஒரு பேரன் வரட்டும். இன்னும் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்கிறான். எழுத்தர் பழைய பேரேட்டை இறக்கித் தூசி தட்டுகிறார். பக்கத்தின் நடுவில் ஒரு சிவப்பு மைக் கோடு. அந்தக் கோடு பக்கத்தின் நடுவில் இருப்பதற்குக் காரணம் உண்டு. அந்தக் காலத்தில் கூட்டுறவு ஆண்டு ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும். ஏப்ரல் 1 என்பது நடு வருடம், புதுப் பேரேடு போட்டிருக்க மாட்டார்கள். கோட்டுக்கு மேலே ரூ. 42-11-0. கோட்டுக்குக் கீழே, அதே மூன்று பத்திகளில் ஒன்றைக் காலியாக விட்டுவிட்டு, ரூ. 42, ந.பை. 68.

அவர் மனசுக்குள் கணக்கு ஓடுகிறது. முக்கால் ரூபாய்க்கு 75, அதில் ஓரணாவுக்கு ஆறே கால் போனால் அறுபத்தெட்டே முக்கால். முக்கால் அரைக்கு மேல். அப்படியானால் 69.

இங்கே அவசரப்பட்டு அவரைத் துள்ளவைத்துவிடாதீர்கள். அனுபவமுள்ளவர் முதலில் கேட்கும் கேள்வி இது: இந்தச் சங்கத்தில் மீதியையெல்லாம் விட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தார்களோ? அப்படி இருந்தால் இது பிழை அல்ல, வழக்கம். அதைச் சோதிக்க ஒரே வழி, முக்கால் மீதி வரும் மற்ற அணாக்களைப் பார்ப்பது. மூன்று, ஏழு, பதினைந்து. பக்கங்களைப் புரட்டுகிறார். மூன்று அணாக்காரருக்கு 19 கிடைத்திருக்கிறது. ஏழு அணாக்காரருக்கு 44. பதினைந்துக்கு 94. எல்லாம் விதிப்படி. பதினொன்று மட்டும் விதியை மீறி நிற்கிறது.

அடுத்த கேள்வி: கை தவறா, அட்டவணைத் தவறா? கை தவறு என்றால் ஒரு கணக்கில் 68 இருக்கும், இன்னொன்றில் 69 இருக்கும். அவர் பதினோரு அணா உள்ள கணக்குகளை ஒவ்வொன்றாகத் தேடுகிறார். ஐந்தாவது, எட்டாவது, பதிமூன்றாவது கணக்கு, எல்லாவற்றிலும் 68. நடுவில் கையெழுத்தே மாறுகிறது. யாரோ ஒரு உதவியாளர் சில பக்கங்களை எழுதியிருக்கிறார், அந்தப் பக்கங்களிலும் 68 தான். இரண்டு கை ஒரே தவறைச் செய்ய வேண்டுமானால் இருவரும் ஒரே இடத்தைப் பார்த்திருக்க வேண்டும். அப்போதுதான் அவர் அட்டையைத் திருப்பி உள்பக்கத்தைப் பார்க்கிறார். இந்தத் திருப்பம் அட்டையில் தொடங்கக் கூடாது, அட்டையில் முடிய வேண்டும். கதையில் இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

அட்டவணையைப் பார்த்தவுடனும் அவருக்கு அது சரியாகவே தெரியட்டும், ஏனென்றால் ஒரே பத்தியில் அது சரியாகத்தான் தெரியும். ஒரு துண்டுத் தாளில் அதை நான்கு நான்காகப் பிரித்து எழுதுகிறார். நான்கு அணாவுக்குச் சரியாக 25 என்பதால் ஒவ்வொரு வரிசையும் மேலே உள்ளதைவிட 25 கூட இருக்க வேண்டும். முதல் நிரல் 6, 31, 56, 81. சரி. இரண்டாவது நிரல் 12, 37, 62, 87. சரி. மூன்றாவது 19, 44, 68, 94. இடைவெளி 25, 24, 26. ஒன்று குறைந்து அடுத்தது அதே அளவு கூடினால், நடுவில் இருக்கும் எண் ஒன்றுதான் கெட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். அட்டவணைகளைச் சரிபார்ப்பவர்களுக்கு இது பழகிய அடையாளம். வரிசையாகப் பிழை இருந்தால் இடைவெளி இப்படித் திரும்பிச் சரியாகாது. இந்த இடத்தை வாசகரும் கூடவே கழித்துப் பார்க்கும்படி எழுதினால், அவரே பிழையைக் கண்டுபிடித்த மாதிரி இருக்கும்.

கடைசி உறுதி நாணய மாற்று வித்தியாசத்தில் கிடைக்கும். எழுத்தர் 320 கணக்கையும் அணா வாரியாக எண்ணுகிறார். 2, 6, 10, 14 அணாக்காரர்கள் 80 பேர் ஆளுக்கு அரை இழந்திருக்கிறார்கள், அது 40. 1, 5, 9, 13 அணாக்காரர்கள் 80 பேர் ஆளுக்குக் கால் இழந்திருக்கிறார்கள், அது 20. 3, 7, 11, 15 அணாக்காரர்கள் 80 பேர் ஆளுக்குக் கால் லாபம் பெற்றிருக்க வேண்டும், அதில் 20 திரும்புகிறது. மீதி 40. பேரேட்டில் எழுதியிருப்பது 60. கூடுதலாக உள்ள 20, பதினோரு அணாக்காரர்களின் எண்ணிக்கையும் 20. இரண்டு வெவ்வேறு பக்கத்திலிருந்து வந்த எண்கள் ஒன்றாக நிற்கும் இந்த இடத்தில்தான் கணக்கர் பேனாவைக் கீழே வைப்பார். நானும் ஒரு சங்கத்தில், வேறு ஒரு வித்தியாசத்தில், இப்படி இரண்டு எண்கள் வந்து பொருந்தியதைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு மதியச் சாப்பாட்டை மறந்துவிட்டேன்.

இனி உங்களுக்குப் பிடிக்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். மொத்த இழப்பு 20 நயா பைசா. தலைக்கு ஒன்று. கூட்டு வட்டி போட்டு இதைப் பெரிய தொகையாக்கிவிடலாம் என்று தோன்றும், ஆகாது. நான்கு சதவீதத்தில் 40 வருடம் கூட்டு வட்டி போட்டாலும் ஒரு பைசா ஐந்து பைசாவைத் தொடாது. முழு ரூபாய்க்கு மட்டும் வட்டி போடும் சங்கத்தில் அதுகூட வராது. மோசடி என்றும் மாற்ற வழியில்லை. விடுபட்ட 20 நயா பைசா சங்கத்தின் இதர வருமானத்துக்குப் போனது, எந்த மனிதனின் பைக்கும் போகவில்லை. திருட நினைக்கிறவன் தன்னால் எடுக்க முடியாத இடத்தில் பணத்தைக் கொண்டுபோய் வைக்க மாட்டான். பழைய எழுத்தரை வில்லனாக்கினால் உங்கள் சித்தி மறுபடி பிடித்துவிடுவார்.

எனக்கு இந்தச் சின்னத் தொகையே கதைக்கு வலு என்று படுகிறது. பெரிய தொகை என்றால் எழுத்தர் கட்டாயம் சொல்லியாக வேண்டும், வேறு வழியில்லை. 20 பைசாவை அவர் பேசாமல் மூடிவைத்துவிட்டு ஓய்வு பெற்றுப் போகலாம். யாரும் கேட்க மாட்டார்கள். அப்படி இருந்தும் என்ன செய்கிறார் என்பதில்தான் உங்கள் ஆள் யார் என்று தெரியும்.

அவர் செய்யக்கூடியது என்ன? முதலில், 1957 பேரேட்டில் அவர் பேனா படக் கூடாது. முடிந்துபோன வருடத்தின் புத்தகத்தில் 68-ஐ 69 ஆக்கினால், அதற்கடுத்து 40 வருட மொத்தமும் அந்தப் பக்கத்தோடு முரண்படும். அதைவிட, தேதியில்லாத திருத்தம் எதிர்காலத் தணிக்கையாளர் கண்ணுக்கு மோசடியாகத் தெரியும். அன்றாடக் கணக்கில்கூட நாங்கள் ஒரு எண்ணை அழிப்பதில்லை. பழையது தெரியும்படி ஒரு கோடு போட்டு, மேலே சரியானதை எழுதி, பக்கத்தில் சுருக்கொப்பம் போடுவோம். முடிந்த வருடத்துக்கு அதுவும் கிடையாது. திருத்தம் நடக்கும் வருடத்தில், அந்த நாளில்தான் பதிவாகும். 1997-இல் ஒரு சரிக்கட்டுப் பதிவுச் சீட்டுப் போட்டு, சங்கத்தின் செலவில் 20 பைசா எழுதி, அதை இருபது உறுப்பினர் கணக்கிலும் வரவு வைக்க வேண்டும். அதற்கு அவர் கையெழுத்து போதாது. செயலாளர் வழியாக நிர்வாகக் குழு ஒப்புதல் வேண்டும். அந்த இருபது பேரில் பெரும்பாலோர் கணக்கை முடித்துவிட்டுப் போயிருப்பார்கள், சிலர் உயிரோடு இருக்க மாட்டார்கள். அவர்கள் பங்கை, உரியவர் வரும்வரை ஒதுக்கிவைக்கும் அனாமத்துக் கணக்கில் வைக்க வேண்டியிருக்கும்.

குழுக் கூட்டத்தில் இதைப் படிக்கும்போது என்ன நடக்கும் என்று நீங்களே யோசித்துப் பார்க்கலாம். யாராவது சிரிப்பார்கள். ஒரு பைசா காசு சட்டப்படி செல்லும், கடையில் யாரும் வாங்குவதில்லை, அதற்கு ஒரு தீர்மானமா என்று கேட்பார்கள். குழு மறுத்துவிடலாம். மறுத்தாலும் எழுத்தருக்கு ஒரு வழி இருக்கிறது, நிஜத்தில் பொறுப்புள்ளவர்கள் செய்வதும் அதுதான். தனித் தாளில் ஒரு அலுவலகக் குறிப்பு எழுதி, பேரேட்டு அட்டையின் உள்பக்கம் அந்தப் பழைய அட்டவணைக்குப் பக்கத்திலேயே செருகி வைப்பார். அட்டவணையின் மேல் ஒட்ட மாட்டார், அதை மறைக்க அவருக்கு உரிமையில்லை.

அந்தக் குறிப்பைக் கதையில் முழுதாகவே கொடுத்துவிடுங்கள் என்பது என் யோசனை. அலுவலகத் தமிழில், உணர்ச்சி எதுவும் இல்லாமல், இப்படி இருக்கும்:

"1-4-1957 நாணய மாற்றத்தில், இவ்வட்டையில் உள்ள அட்டவணைப்படி 11 அணாவுக்கு 69 ந.பை. என்பதற்குப் பதில் 68 ந.பை. எனக் கணக்கிடப்பட்டுள்ளது. பாதிக்கப்பட்ட கணக்குகள் 20, பட்டியல் பின்பக்கம். நாணய மாற்று வித்தியாசம் 60 ந.பை.-இல் 20 ந.பை. இப்பிழையால் ஏற்பட்டது. மூலப் பதிவுகள் திருத்தப்படவில்லை."

கீழே அவர் கையெழுத்து, பதவி, அன்றைய தேதி. பின்பக்கப் பட்டியலில் இருபது பெயர்களும் கணக்கு எண்ணோடு வரட்டும், பாஸ்புக் கொண்டுவந்த பையனின் தாத்தா பெயரும் அதில் ஒன்றாக, தன் வரிசை எண்ணில்.